கடனுக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்: வாய்மொழிப் பேச்சு நீதிமன்றத்தில் எங்கே எடுபடும்?

அவசரத்துக்கு 8 லட்சம் கடன் வாங்குகிறார் ஒருவர். கடன் கொடுப்பவர் அடமானம் வேண்டாம் என்கிறார். "வீட்டைக் கிரயமாகவே எழுதிக் கொடுங்க, பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்கிறார். பத்திரம் பதிவாகிறது. அதில் கடன் என்ற பேச்சே இல்லை. நாலு வருடம் கழித்துக் கடன் கொடுத்தவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுகிறார்.

இங்கேதான் இந்திய சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆம் பிரிவுகள் குறுக்கே வருகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் இவை 94, 95-ஆம் பிரிவுகள். அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஒப்பந்தத்தின் ஷரத்துகள் எழுத்தில் வந்துவிட்டால், அவற்றை அந்த ஆவணத்தைக் கொண்டே நிரூபிக்க வேண்டும். மூலம் கிடைக்காத நிலையில் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் நகல் போன்ற இரண்டாம் நிலைச் சான்று போதும். இது முதல் பிரிவு. அந்த ஷரத்துகளை மாற்றவோ, மறுக்கவோ, கூட்டவோ, குறைக்கவோ அதே தரப்பினர் வாய்மொழி உடன்படிக்கையைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. இது இரண்டாவது. ஆவணத்தில் தரப்பினராக இல்லாத மூன்றாம் நபரை இரண்டாவது தடை கட்டுப்படுத்தாது.

நம் கடனாளியின் எதிருரையில் வழக்கமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "வாதி மறுகிரயம் செய்து தருவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்." இந்த ஒரு வரி வழக்கைக் கெடுத்துவிடும். பத்திரம் உண்மையான கிரயம்தான், அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது என்று இவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சொத்து முழு உரிமையோடு மாறியது என்று சொல்லும் பத்திரத்தில் நிபந்தனையைக் கூட்டுவது 92-ஆம் பிரிவு நேரடியாகத் தடுக்கும் காரியம். "பத்திரம் பதிவான பிறகு பேசி மாற்றிக்கொண்டோம்" என்று சொன்னாலும் தப்ப முடியாது. பின்னால் செய்த வாய்மொழி மாற்றத்தை அனுமதிக்கும் நான்காவது விதிவிலக்கு, பதிவான ஆவணங்களுக்குப் பொருந்தாது. அடமானம் என்று நேராக வாதாடவும் வழியில்லை. நிபந்தனைக் கிரய அடமானத்துக்கு அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 58(இ) பிரிவு.

எடுபடும் வாதம் வேறு. "இந்தப் பத்திரம் கிரயமாகச் செயல்பட வேண்டும் என்று இரு தரப்பும் ஒருபோதும் நினைக்கவில்லை. உண்மையில் நடந்தது கடன் மட்டுமே. பத்திரம் பெயரளவில் எழுதப்பட்டது." இதை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கில் சொன்னது (ஏ.ஐ.ஆர். 1982 உச்ச நீதிமன்றம் 20). அந்த வழக்கிலும் கடனுக்காக எழுதிய கிரயப் பத்திரம்தான். இங்கே ஷரத்தை யாரும் மாற்றவில்லை, ஒப்பந்தமே இல்லை என்கிறார்கள். அதனால் தடை எட்டாது. இரண்டு வாதங்களும் கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எதிருரையை முதலில் எழுதும்போது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் வழக்கு நிற்கிறது. மோசடி, மிரட்டல், பிழை போன்றவை முதல் விதிவிலக்கில் வரும். அவற்றையும் எப்போது, யார், என்ன செய்தார் என்று விவரமாக எழுத வேண்டும். "ஏமாற்றிவிட்டார்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது.

சாட்சியம் அனுமதிக்கப்படுவது வேறு, நம்பப்படுவது வேறு. பதிவான பத்திரத்தை எதிர்ப்பவர்மேல் நிரூபிக்கும் சுமை கனமாக இருக்கும். இரண்டு உறவினர்களின் வாய்ச்சொல் அதற்குப் பத்தாது. கிரயத்துக்குப் பிறகும் வீட்டில் யார் குடியிருந்தார், சொத்து வரி யார் பெயரில் யார் கட்டினார், பட்டா மாறியதா, பத்திரத்தில் காட்டிய தொகை வழிகாட்டி மதிப்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, மாதாமாதம் ஒரே தொகை வட்டியாக வங்கி வழியே போயிருக்கிறதா: இவை பேசும். வட்டியை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

"கிரயத்தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நடந்ததைச் சொல்லும் கூற்று, ஷரத்து அல்ல. பணம் வரவில்லை என்று வாய்மொழியாகவே நிரூபிக்கலாம். ஆனால் உரிமை மாற வேண்டும் என்பதே தரப்பினரின் எண்ணமாக இருந்திருந்தால், தொகை பாக்கி என்பதற்காக மட்டும் கிரயம் செல்லாமல் போகாது; விற்றவருக்குப் பாக்கித் தொகைக்கான உரிமையே மிஞ்சும்.

பத்திரம் இன்னும் எழுதாதவர்கள், திருப்பித் தரும் நிபந்தனையைக் காலக்கெடுவோடும் தொகையோடும் அதே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். தனித்தாளில் எழுதினால் அது மறுகிரய ஒப்பந்தம் மட்டுமே. அதில் குறித்த கெடு ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றங்கள் கண்டிப்பாகவே பார்க்கின்றன.