வரி நீங்கிய மாதமும் அரிசி விலைக் கணிப்பும்

அரிசி மொத்த வியாபாரிகளுக்கு மாதந்தோறும் விலைக் கணிப்பு தயாரித்துக் கொடுப்பது என் வேலை. இதற்கு எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங் முறையில் ஹோல்ட்-விண்டர்ஸ் வடிவத்தைப் பயன்படுத்துகிறேன். விலையின் தற்போதைய மட்டம், மாதந்தோறும் அது நகரும் போக்கு, அறுவடைக் காலங்களையொட்டி வரும் பருவ ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றையும் இந்த முறை தனித்தனியாக வைத்துக்கொண்டு, புதிய விலை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் சிறிது திருத்திக்கொள்கிறது. சாதாரண ஆண்டுகளில் இது நம்பகமானது. அரசின் அறிவிப்பு ஒன்று குறுக்கிடும் மாதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 2023 ஆகஸ்ட் 25 அன்று 20 சதவீத வரி விதிக்கப்பட்டது. அது 2024 செப்டம்பர் இறுதியில் 10 சதவீதமாகக் குறைந்து, அக்டோபர் 22 அன்று முழுவதுமாக நீங்கியது. ஏற்றுமதி வரி உள்நாட்டு விலையை அழுத்தி வைக்கும் என்பதால், அது நீங்கும்போது விலை மேலே தள்ளப்படும். அந்தத் தள்ளலைக் கணக்கு எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம்.

பருவத்தின் பங்கை நீக்கிய பின் குவிண்டால் விலை 4000 ரூபாய், மாதப் போக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். மட்டத்தைத் திருத்தும் ஆல்பா 0.5, போக்கைத் திருத்தும் பீட்டா 0.2. அடுத்த மாதத்துக்கான கணிப்பு 4020. ஆனால் அறிவிப்பால் விலை 4420க்குத் தாவிவிடுகிறது. பிழை 400 ரூபாய். அதில் ஆல்பாவின் பங்கான பாதி சேர்ந்து மட்டம் 4220 ஆகிறது. ஆல்பாவையும் பீட்டாவையும் பெருக்கினால் வரும் 0.1 பங்கு, அதாவது 40 ரூபாய், சேர்ந்து போக்கு 20இலிருந்து 60 ஆகிறது. ஒரே முறை நிகழ்ந்த தாவலைக் கணக்கு தொடர் ஏற்றத்தின் தொடக்கமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் உண்மை விலை பழைய வேகத்திலேயே 4440, 4460 என்று நகர்ந்தாலும், மட்டம் இன்னும் பின்தங்கியிருப்பதால் போக்கு 76 ஆகவும் பிறகு 78 ஆகவும் வளர்கிறது. அந்த நிலையில் ஆறு மாதக் கணிப்பு கேட்டால் ஏறத்தாழ 4920 ரூபாய் வருகிறது. பழைய போக்குப்படி வரவேண்டியது 4580தான். அந்த 340 ரூபாயை நம்பி வட்டிக்குப் பணம் வாங்கிச் சரக்கைக் கட்டி வைப்பவர் இழப்பது உண்மையான பணம்.

நான் முதலில் பார்ப்பது பிழைகளின் வரிசையை. மேலுள்ள கணக்கில் அவை 400, 160, 24 என்று வேகமாகச் சுருங்கி, நான்காம் மாதம் விலை 4480 என வந்தால் 46 ரூபாய் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இது தாவலின் அடையாளம். போக்கே மாறியிருந்தால் பிழை இவ்வளவு சீக்கிரம் கரையாது. மாதத்துக்கு மாதம் ஒரே பக்கத்தில் நீடிக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அக்டோபர் புது நெல் வரத்து உள்ள மாதம். வழக்கமாக 150 ரூபாய் இறங்கவேண்டிய விலை அசையாமல் நின்றிருந்தால், மண்டியில் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் 150 ரூபாய் ஏற்றம் அங்கே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பருவத்தை நீக்கிய விலையில் மட்டுமே தாவலை அளக்க வேண்டும்.

அறிவிப்பு வந்த முதல் மாதத்தில் போக்கை 20இலேயே நிறுத்திவைத்து, மட்டத்தை மட்டும் உண்மை விலைக்கு நகர்த்துகிறேன். இரண்டு மூன்று மாத விலை வந்து தாவலின் அளவு தெளிந்ததும், அறிவிப்புக்கு முந்தைய மாதங்கள் அனைத்திலும் அந்த அளவைக் கூட்டி, வரிசையைச் சமன் செய்து கணக்கை மறுபடி ஓட்டுகிறேன்:

```python
from statsmodels.tsa.holtwinters import ExponentialSmoothing

y_adj = y.copy()
y_adj.loc[:"2024-09"] += 400
fit = ExponentialSmoothing(
    y_adj, trend="add", damped_trend=True,
    seasonal="add", seasonal_periods=12).fit()
```

இதில் `damped_trend` என்பது போக்கை மாதந்தோறும் தேயவிடும் ஏற்பாடு. தேய்மானம் 0.9 என்றால், 78 ரூபாய்ப் போக்கு ஆறு மாதத்தில் கூட்டும் 470 ரூபாய் சுமார் 330 ஆகச் சுருங்கும். காப்புக்கு நல்லது, ஆனால் இதை மட்டும் நம்பிச் சமன் செய்வதை விட்டுவிடக் கூடாது.

ஏனெனில் தாவலின் ஒரு பகுதி பருவக் குறியீட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. பருவத்தைத் திருத்தும் காமா 0.3 என்றால், அந்த 400 ரூபாய்ப் பிழையில் 120 ரூபாய் அக்டோபரின் குணமாகப் பதிந்துவிடும். அடுத்த அக்டோபர் கணிப்பில் காரணமே தெரியாமல் மேலே நிற்கும். என் தொடக்க ஆண்டுகளில் இப்படி ஒரு தவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து விலைத் தாளின் பக்கத்திலேயே அறிவிப்புத் தேதி, வரி விகிதம், நான் கூட்டிய தொகை மூன்றையும் ஒரு பத்தியில் எழுதி வைக்கிறேன்.

வரி நாளை மீண்டும் வருமா என்பதைக் கடந்த கால விலைகளிலிருந்து இந்த முறையால் அறிய முடியாது. எனவே அறிவிப்பையொட்டிய மாதங்களில், இன்றைய கொள்கை நீடித்தால் ஒரு விலை, திரும்பப் பெறப்பட்டால் அதிலிருந்து தாவலைக் கழித்த இன்னொரு விலை என்று இரண்டு கணிப்புகளாகவே வியாபாரியிடம் கொடுக்கிறேன்.