பெட்டிக்குக் கீழேயா, அடுத்த பத்திக்கு மேலேயா?

மொபைலில் படம் பிடித்த ஒரு பத்திரிகைப் பக்கத்தை எழுத்தாக மாற்ற வேண்டும். பக்கத்தில் இரண்டு பத்திகள். (இந்தக் கட்டுரையில் 'பத்தி' என்றால் மேலிருந்து கீழாக ஓடும் நெடும்பத்தி, சிறிய பத்தியைப் 'பாரா' என்றே சொல்கிறேன்.) வலது ஓரத்தில் தனியாக ஒரு ஓரச்செய்தி. நடுவில் இரண்டு பத்திகளையும் அடைத்துக்கொண்டு கட்டம் போட்ட பெட்டி. அதற்குள் ஒரு படமும் படவிளக்கமும். எழுத்துகளைப் பிழையில்லாமல் படித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் எந்த வரிக்குப் பின் எந்த வரி என்பது தனிக் கேள்வி. அதில் தவறினால், ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருந்தும் கட்டுரை கெட்டுப்போகும்.

எப்படிக் கெடுகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பெட்டிக்கு மேலே இடப்பத்தியின் கடைசி மூன்று வரிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

மழைநீர் மண்ணுக்குள்
இறங்கும்போது அதிலுள்ள
உப்புகளையும் கரைத்துக்

அவற்றுக்கு நேர் எதிரே, வலப்பத்தியில்:

நாளடைவில் குழாயில்
துரு படர்கிறது. பிறகு
பூச்சு உரிகிறது. அதைச்

பத்திகளைப் பிரிக்காமல் குறுக்கே படித்தால் கிடைப்பது: "மழைநீர் மண்ணுக்குள் நாளடைவில் குழாயில் இறங்கும்போது அதிலுள்ள துரு படர்கிறது." இது ஒரு நல்ல வாக்கியம் போலவே இருக்கிறது என்பதுதான் பயம். எழுத்துப் பிழை என்றால் கண்ணில் குத்தும். இது குத்தாது, யாரும் எழுதாத ஒரு கருத்து சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் இதை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கலாம்:

```
tesseract page.png out -l tam --psm 6
```

`--psm 6` என்றால் "பக்கம் முழுவதும் ஒரே சீரான பாளம்" என்று அதற்குச் சொல்கிறோம். அதையே `--psm 3` என்று மாற்றினால் (எதுவும் கொடுக்காவிட்டாலும் அதுதான் இயல்பு), முதலில் பக்கத்தைப் பாளங்களாகப் பிரித்துவிட்டுப் பிறகு படிக்க முயலும்.

பிரிப்பது எப்படி? இதற்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. ஆய்வாளர்கள் ஜார்ஜ் நாகியும் சரத் சேத்தும் 1984இல் எழுதியது. எக்ஸ்-ஒய் வெட்டு என்று பெயர். எழுத்தே படாத வெள்ளைச் சந்து ஒன்று பக்கத்தின் குறுக்காகவோ நெடுக்காகவோ கடைசி வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் அங்கே வெட்டு. கிடைத்த ஒவ்வொரு துண்டிலும் மறுபடி தேடு, மறுபடி வெட்டு. மேல் துண்டு முதலில், இடத்துண்டு முதலில் என்று வரிசை தானாக வந்துவிடும்.

நம் பக்கத்துக்கு அளவு கொடுத்துப் பார்ப்போம். இடப்பத்தி 100 முதல் 670ஆவது பிக்சல் வரை, வலப்பத்தி 730 முதல் 1300 வரை. நடுவில் 60 பிக்சல் சந்து. ஓரச்செய்தி 1380இல் தொடங்குகிறது. பத்திகளின் உயரம் சுமார் 2300 பிக்சல்.

முதல் தடங்கல் படம் பிடித்த கையால் வருவது. பக்கம் 2 டிகிரி சாய்ந்திருந்தால், 2300 பிக்சல் உயரத்துக்கு மேல்முனையும் கீழ்முனையும் 80 பிக்சல் விலகிவிடும். சந்தோ 60 பிக்சல்தான். ஆக, நேர்க்கோடாக மேலிருந்து கீழே போகும் வெள்ளைப் பாதையே இல்லாமல் போகிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சந்து கணக்குக்குத் தெரிவதில்லை. அதனால் பக்கத்தை நிமிர்த்துவது முதல் வேலை. தைத்த புத்தகமாக இருந்தால் தையல் பக்கம் வரிகள் வளையும். வெறுமனே சுழற்றினால் அது சரியாகாது, பக்கத்தை முடிந்த அளவு தட்டையாக வைத்து மறுபடி படம் எடுப்பதே மேல்.

சரி, நிமிர்த்திவிட்டோம். இப்போது ஓரச்செய்தி சுலபமாகக் கழன்றுவிடும், அதற்கு முன்னால் 80 பிக்சல் சந்து தடையில்லாமல் ஓடுகிறது. அடுத்து இரண்டு பத்திகளுக்கு நடுவே வெட்ட வேண்டும். அங்கேதான் பெட்டி குறுக்கே நிற்கிறது. நெடுக்கு வெட்டுக்கு வழியில்லை. ஆகவே பெட்டிக்கு மேலும் கீழும் குறுக்கு வெட்டு விழுகிறது. கிடைக்கும் வரிசை: இடமேல், வலமேல், பெட்டி, இடக்கீழ், வலக்கீழ்.

இது தவறு. இடமேல் துண்டு பெட்டியைத் தாண்டி இடக்கீழில்தான் தொடர்கிறது. ஆனால் அதே இடத்தில் பெட்டிக்குப் பதிலாக இரண்டு பத்திக்கும் பொதுவான ஒரு துணைத்தலைப்பு இருந்திருந்தால், மேலே சொன்ன வரிசைதான் சரி! துணைத்தலைப்புக்கு மேலே உள்ளதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீழே இறங்குவோம். துண்டுகளின் அளவும் இடமும் ஒன்றே, சரியான வாசிப்பு வேறு. ஆய்வாளர் தாமஸ் ப்ரூயல் தந்த, இதைவிடத் தேர்ந்த விதிகளிலும் இந்த முடிச்சு அவிழ்வதில்லை. ஒரு துண்டு இன்னொன்றுக்கு முழுவதும் இடப்புறம் இருந்தால் அது முந்தியது, ஆனால் இரண்டுக்கும் நடு உயரத்தில் இரண்டின் அகலத்தையும் தொடும் மூன்றாவது துண்டு இருந்தால் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இங்கே இடக்கீழுக்கும் வலமேலுக்கும் நடுவே நிற்கும் அந்த மூன்றாவது துண்டு பெட்டிதான்.

ஆக, வரிசையைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: இந்தத் துண்டு கட்டுரையின் ஓட்டத்தில் இருக்கிறதா, மிதக்கிறதா? சுற்றிலும் கோடு, உள்ளே சின்ன எழுத்து, பக்கத்தில் படம் என்றால் மிதப்பது. கோடில்லாமல் பெரிய தடித்த எழுத்தில் ஒரே வரி என்றால் ஓட்டத்தில் இருக்கும் தலைப்பு. மிதப்பதை முதலில் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் நெடுக்குச் சந்து திறந்துகொள்ளும். பெட்டி விட்டுப்போன குறுக்கு இடைவெளியில் அல்லாமல் இந்தச் சந்தில் முதலில் வெட்டினால், இடமேல், இடக்கீழ், வலமேல், வலக்கீழ் என்று சரியாக வரும்.

முடிவு சரிதானா என்று பார்க்க முழுப் பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை. துண்டுகள் ஒட்டும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும், நம் பக்கத்தில் அப்படி மூன்றே மூன்று. தமிழில் இதற்கு ஓர் அருமையான துணை இருக்கிறது. இடமேல் துண்டு "கரைத்துக்" என்று முடிகிறது. அந்த 'க்' அடுத்த சொல் ககர வரிசையில் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறது. வலமேல் துண்டு "பழைய இரும்புக் குழாய்கள்" என்று தொடங்குகிறது, பொருந்தவில்லை. இடக்கீழ் "கொண்டு போகிறது" என்று தொடங்குகிறது, பொருந்துகிறது. அதேபோல வலமேல் துண்டின் கடைசிச் சொல் "அதைச்". வலக்கீழ் "சுரண்டி எடுத்த பின்" என்று தொடங்கினால் அந்த ஒட்டும் சரி. வேற்றுமையும் வினையெச்சமும் விட்டுச்செல்லும் ஒற்று, அச்சுக்கோப்பவர் நமக்கு விட்டுப்போன அடையாளம் போல வேலை செய்கிறது.

எப்போதும் கை கொடுக்காது. ஒற்றைக் கண்டபடி விட்டுவிடும் அச்சு நிறைய உண்டு. துண்டு முற்றுப்புள்ளியோடு முடிந்தாலும் தடயம் இல்லை. அப்போது அடுத்த துண்டின் முதல் வரி உள்தள்ளித் தொடங்குகிறதா என்றும், பேச்சு எதைப் பற்றிப் போகிறது என்றும்தான் பார்க்க வேண்டும்.

எடுத்து வைத்த பெட்டியை எங்கே சேர்ப்பது? அது அச்சில் நின்ற இடத்தில் சேர்க்கவே கூடாது, "கரைத்துக்" என்பதற்கும் "கொண்டு" என்பதற்கும் நடுவில் போய் விழும். அந்தப் பாரா முடிந்த பின், 'படவிளக்கம்' என்று குறித்துச் சேர்க்கலாம். ஓரச்செய்திக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. வாசகர் அதை முதலிலும் படிக்கலாம், கடைசியிலும் படிக்கலாம். பக்க அமைப்பைப் பதிந்துவைக்கும் PAGE XML என்ற கோப்பு வடிவம் இதை ஒப்புக்கொள்கிறது: வரிசை உள்ள துண்டுகளுக்கு `OrderedGroup`, இல்லாதவற்றுக்கு `UnorderedGroup` என்று இரண்டு பை வைத்திருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பில் அந்த வசதி இல்லை, எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். நான் கட்டுரை முடிந்த பிறகு ஒரு வரி விட்டு, 'ஓரச்செய்தி' என்று தலைப்பிட்டுப் போடுகிறேன்.