பியர் மீடியேஷன் என்றால் பஞ்சாயத்து இல்லை

ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றில் மறுபடியும் 'மாணவர் பஞ்சாயத்து' என்று பார்த்தேன். மாணவர்களின் சண்டையைச் சக மாணவரே நடுவில் இருந்து பேச வைத்துத் தீர்க்கிற பியர் மீடியேஷனுக்குத்தான் இந்தப் பெயர். தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ வளர்ந்தவர்களிடம் பஞ்சாயத்து என்று சொல்லிப் பாருங்கள், முன்னாடி 'கட்ட' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேரை வைத்து எட்டாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டால் அவன் எதை எதிர்பார்த்து வருவான்?

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பியர் என்பது லத்தீனில் 'சமம்' என்ற வேரிலிருந்து வந்தது, மீடியேஷன் 'நடு' என்ற வேரிலிருந்து. ஆக, சமமானவர் ஒருவர் நடுவில் இருந்து பேச வைப்பது. இதோடு சேர்த்துப் பேசப்படுவது ரெஸ்டோரேட்டிவ் முறை, தண்டிப்பதைவிடத் தீங்கைச் சரிசெய்வதைப் பார்ப்பது. அந்தச் சொல்லில் இருப்பது 'பழுது பார்த்து மீண்டும் நிறுத்துதல்'. இந்தப் போக்கின் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்வது 1974-ல் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது. இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய சொத்தைச் சேதப்படுத்தினார்கள். தண்டனையோடு விடாமல் ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் போய்ப் பேசி, நஷ்டத்தைக் கட்ட வைத்தார்கள். பள்ளிக்கு வந்தது அப்புறம்தான்.

பஞ்சாயத்தில் என்ன நடக்கும்? பெரியவர்கள் கேட்பார்கள், 'தப்பு இவன் மேல்' என்பார்கள், அபராதம் போடுவார்கள். மீடியேஷனில் நடுவில் இருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. அந்த அதிகாரம் இல்லாததுதான் அதன் உயிர். பேரைத் தப்பாக வைத்தால் வேலையும் தப்பாகிறது என்பதுதான் என் கோபம். பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேருக்கு பேட்ஜ் குத்தி பெஞ்சில் உட்கார வைத்தால், முதல் கேள்வியே "இன்னாடா, யார் மேல தப்பு?" என்று வரும். முடிவு இருபது ரூபாய் ஃபைன், இல்லாவிட்டால் முட்டி போடு. இதற்கு ஹெச்.எம். ரூமே போதுமே.

'நடுவர்' என்கிறார்கள் சிலர். அழகான சொல்தான், ஆனால் இன்றைக்கு நடுவர் என்றால் விசில் வைத்திருப்பவர், இல்லாவிட்டால் பட்டிமன்றத்தில் கடைசியில் முடிவு சொல்பவர். இரண்டு பேரும் தீர்ப்பு சொல்கிறவர்கள். தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'சக மாணவர் இடைநிற்றல்' என்று எழுதியிருந்தார். ஐயா, கல்வித்துறையில் இடைநிற்றல் என்றால் படிப்பைப் பாதியில் விடுவது! வட சென்னையில் அதுவும் ஒரு பெரிய பிரச்சினைதான், ஆனால் அது வேறு பிரச்சினை.

பிள்ளைகளிடம் சொந்தச் சொல் இருக்கிறது: காய் விடுவது, பழம் விடுவது. ஆனால் டீச்சர் நடுவில் நின்று "ரெண்டு பேரும் பழம் வுட்டுக்கோங்க" என்று கையைப் பிடித்துக் கோர்ப்பது சமரசம் இல்லை, வாயை அடைப்பது. பள்ளி கேட்டை நெருங்கும்போது சண்டை மறுபடி முளைக்கும்.

'சமரசம்' வடமொழி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாரிமுனை பக்கம் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லிருந்து சமரச தீர்வு மையம் இயங்குகிறது. அங்கே நடுவில் இருப்பவர் தீர்ப்பெழுத மாட்டார், பேச்சு முறிந்தால் வழக்கு மறுபடி நீதிபதியிடம் போகும். பொருள் அச்சாகப் பொருந்துகிறது, மக்களுக்கும் தெரிந்த சொல். 'மாணவர் சமரசம்' என்று வைத்துக்கொண்டால் போதும்.

சமரசம் எப்படி நடக்கும்? வியாசர்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் ஃபுட்பால் ஷூவை இரவல் வாங்கினான். கிழித்துத் திருப்பிக் கொடுத்தான். ஷூக்காரன் அவன் சைக்கிள் டியூப்பில் ஆணி குத்தினான். பெரிய வகுப்பிலிருந்து பயிற்சி பெற்ற இரண்டு பேர், தனி அறை, டீச்சர் கூப்பிடு தூரத்தில், ஆனால் உள்ளே இல்லை. முதலில் நிபந்தனை: குறுக்கே பேசக் கூடாது, பட்டப்பேர் கூடாது, இங்கே பேசியது வெளியே போகாது, யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்லுவோம். ஒருவன் சொல்லி முடித்ததும் மற்றவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் ஏதாவது நகரும். "மன்னிப்பு கேக்கணும்" என்று விடாப்பிடியாக நின்றவனிடம் "எதுக்கு?" என்று கேட்டால், அந்த ஷூ அண்ணன் கொடுத்தது, வீட்டில் அடி விழுந்தது என்று வரும். மற்றவனுக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் தீர்வை அவர்களே சொல்ல வேண்டும். ஷூவைத் தைக்கிற காசு இவன், டியூப் ஒட்டுகிற காசு அவன், வெள்ளிக்கிழமைக்குள். எழுதி இருவரும் கையெழுத்து. ஒரு வாரம் கழித்து அதே இரண்டு பேர் விசாரிப்பார்கள். கடைசியில் வரும் இந்த விசாரிப்பைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன.

இதே சண்டையில், கிழிந்த ஷூவோடு அழுதவனை யாரோ படம் எடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டிக்கராக்கி வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டிருந்தால், இரண்டு பேரை உட்கார வைத்துப் பயனில்லை. பாதிப்பு வகுப்புக்கே பரவிவிட்டது. அதற்குத்தான் ரெஸ்டோரேட்டிவ் சர்க்கிள். இதை 'மறுசீரமைப்பு வட்டம்' என்று மொழிபெயர்த்த புண்ணியவானைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏதோ தாலுகாவைப் பிரித்துப் புது வட்டாட்சியரைப் போட்ட மாதிரி இருக்கிறது. 'மீட்பு வட்டம்' என்றால் ராயபுரத்தில் ஜெபக்கூட்டம் என்று நினைத்து வருவார்கள். என் கட்சி 'ஈடுசெய் அமர்வு'. நடந்த தீங்குக்கு ஈடு என்ன என்பதுதானே அங்கே பேச்சு.

வட்டமாக உட்காருவார்கள். கையில் பேசும் பொருள் ஒன்று, டஸ்டரோ பந்தோ, அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யார் யாருக்கு எப்படிப் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யணும், இவைதான் கேள்விகள். 'ஏன் செய்தாய்' என்று கேட்பதில்லை, கேட்டால் சாக்குதான் வரும். முன்னாடியே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். செய்தவன் "ஆமா, நான்தான்" என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அமர்வு கூடாது. அப்படிக் கூட்டினால் அது முப்பது பேர் முன்னால் விசாரணை ஆகிவிடும்.

இரண்டுக்குமே பொது எல்லை, இருவரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பியர் என்ற சொல்லில் இருப்பதும் அதுதான். ஐந்து பேர் தினமும் ஆறாம் வகுப்புச் சிறுவனிடம் டீக்காசைப் பிடுங்குவது சண்டையே இல்லை. அவனை எதிரே உட்கார வைத்து "ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க" என்றால் எதை விட்டுக்கொடுப்பான்? அடையாளம் சுலபம்: கேள்வி கேட்டதும் ஒருவன் பதில் சொல்லாமல் மற்றவன் முகத்தைப் பார்க்கிறான், சட்டென்று எல்லாவற்றுக்கும் சரி என்கிறான், இதற்கு முன்னும் நடந்திருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டும். பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டப்படி புகார்தான், சமரசத்துக்கு இடமே இல்லை. சாதிப் பேர் சொல்லி அடித்ததும் இப்படிப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. பஸ் ரூட்டு, ஏரியா என்று வேர் வெளியே இருக்கிற சண்டையில் பதினைந்து வயதுப் பையனை நடுவில் நிறுத்தினால் வெளியில் காத்திருப்பவர்கள் அவனைத்தான் தேடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்தால் கையேடு எழுதுகிறவர்கள் 'பஞ்சாயத்து' என்று போட மாட்டார்கள். அவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், அறையைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2015 முதல் 2017 வரை 44 பள்ளிகளை எடுத்து, அதில் பாதியில் மட்டும் ரெஸ்டோரேட்டிவ் முறைகளைக் கொண்டுவந்து சோதித்தபோது இடைநீக்க நாட்கள் குறைந்தன, ஆசிரியர்கள் சூழல் மேம்பட்டதாகச் சொன்னார்கள், ஆனால் நடுநிலை வகுப்புகளில் மதிப்பெண்கள் சரிந்தன. சோதித்த ஊரே இப்படிக் கலவையான முடிவோடு நிற்கும்போது, நம் கையேட்டின் முன்னுரையில் 'மாணவர் பஞ்சாயத்தால் அனைத்துப் பிரச்சினைகளும் தீரும்' என்று ஒரு வரி இருக்கிறது. பஞ்சாயத்தை எடுக்கிறபோது 'அனைத்து'ம் 'தீரும்'மும் சேர்ந்து போனால் நல்லது.