சல்தோ என்றால் இருப்பு: ஸ்பெயின் வங்கியில் கேட்கும் நான்கு சொற்கள்

அக்கா மகள் மேற்படிப்புக்காக ஸ்பெயினின் சலமங்கா நகருக்குப் போன முதல் மாதம், வங்கியிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பினாள். "மாமா, பேலன்ஸ் எவ்வளவுன்னு கேட்டேன். அந்த அம்மா என்ன கேக்குறேன்னு புரியாம முழிக்கிறாங்க." நான் ஸ்பானியம் படித்தவன் என்பதால் காரணம் உடனே தெரிந்தது. balance என்ற சொல் ஸ்பானியத்திலும் அதே எழுத்துகளோடு உண்டு; பாலான்ஸே என்று ஒலிக்கும். ஆனால் ஸ்பெயினில் அது ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் எதிரெதிரே வைத்துக் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு. இலங்கையில் ஐந்தொகை என்பார்கள். நம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு அங்கே வேறு சொல்: சல்தோ, saldo.

சல்தோ இத்தாலியக் கணக்கர்களிடமிருந்து வந்தது. இத்தாலியத்தில் அதற்குத் திடமானது, உறுதியானது என்று பொருள். அதன் வினை சல்தாரே: உலோகத்தைப் பற்றவைப்பதையும் கணக்கைத் தீர்ப்பதையும் அந்த ஒரே வினை குறிக்கும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதி, இரண்டும் சமமாக எந்தத் தொகையைப் போட வேண்டுமோ அதுவே சல்தோ. இரண்டு பக்கத்தையும் ஒட்டவைக்கும் தொகை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் பின்னே போனால் லத்தீன் சொலிதுஸ். ரோமானியரின் ஒரு பொற்காசுக்கும் அந்தப் பெயர்தான். அந்தக் காசிலிருந்து ஸ்பானியத்தில் சம்பளத்துக்கு சுவெல்தோ என்ற சொல்லும், சம்பளம் வாங்கிப் போரிடுபவன் என்ற பொருளில் படைவீரனுக்கு சொல்தாதோ என்ற சொல்லும் வந்தன.

தமிழில் இதற்கு 'இருப்பு' என்பதே பொருத்தம். 'மீதி' என்று சொல்லக் கூடாதா? கடையில் வாங்கும் சில்லறைக்கு அது சரி. ஆனால் சல்தோ கடன் பக்கமும் போகக்கூடியது. சல்தோ தெவுதோர் என்றால் நாம் வங்கிக்குத் தர வேண்டிய நிலை. 'பற்று இருப்பு', 'வரவு இருப்பு' என்று நம் கணக்கியலில் ஏற்கெனவே வழக்கம் இருப்பதால் இருப்பு இரண்டையும் தாங்கும். 'பற்று மீதி' என்று யாரும் சொல்வதில்லை.

செயலியில் இந்தச் சொல் இரண்டு விதமாகத் தெரியலாம். அக்கா மகளை இது ஒருமுறை நன்றாகக் குழப்பியது. 700 யூரோ போட்டிருந்தாள். அதில் 350 வாடகையாகப் போயிற்று. தங்கும் விடுதி ஒன்று அவள் அட்டையில் 60 யூரோவை முன்காப்பாக நிறுத்தி வைத்திருந்தது. saldo contable என்ற இடத்தில் 350 என்று இருந்தது. அதை நம்பி 300 அனுப்பப் பார்த்தாள்; போகவில்லை. அவள் பார்த்திருக்க வேண்டியது saldo disponible. அங்கே 290தான் இருந்தது. முதலாவதைக் 'கணக்கு இருப்பு' என்றும் இரண்டாவதைக் 'கைக்கொள்ளும் இருப்பு' என்றும் சொல்வேன். எடுக்கவோ அனுப்பவோ முடிவது இரண்டாவது மட்டுமே.

சரி, இருப்பு பார்க்கும் முன் கணக்கு வேண்டும். கணக்கு திறக்க அடையாளம் வேண்டும். ஸ்பானியத்தில் தொகுமெந்தோ தே இதெந்திதாத். இதெந்திதாத்தின் வேர் லத்தீன் ஈதெம், 'அதுவே' என்று பொருள். தாளில் உள்ளவரும் எதிரே நிற்பவரும் ஒரே ஆள்தானா என்பதுதான் கேள்வி. தமிழில் அடையாளம் என்பது குறி. 'அடையாளச் சான்று' என்று சேர்த்துச் சொன்னால் இரண்டு பொருளும் வந்துவிடும். 'ஆளறி சான்று' என்றும் எழுதுகிறார்கள், அதுவும் நன்று.

வெளிநாட்டவர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். NIE (நியே என்பார்கள்) என்பது வெளிநாட்டவருக்கான எண், அவ்வளவுதான். X, Y, Z ஆகியவற்றில் ஒன்று, பிறகு ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. TIE (தியே) என்பது அந்த எண்ணோடு படமும் அச்சான அட்டை. நியே எழுதிய வெள்ளைத் தாளில் படம் இருக்காது. அது எண்ணைச் சொல்லும், 'அதுவே நான்' என்று சொல்லாது. எனவே தியே கைக்கு வரும்வரை கடவுச்சீட்டையும் கூடவே நீட்ட வேண்டும்.

பணம் அனுப்புவதற்கு திரான்ஸ்ஃபெரென்ஸியா. லத்தீனில் அப்பால் சுமந்து செல்லுதல். நாம் 'பணப் பரிமாற்றம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது. இது ஒரு திசையில் மட்டும் போவது. 'பண அனுப்பீடு' அல்லது வெறுமே 'பணம் அனுப்புதல்' போதும். ஒரே வங்கியில் நம்முடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை ஸ்பெயினில் திராஸ்பாசோ என்பார்கள். அதற்கு 'கணக்கு மாற்றம்'. படிவத்தில் beneficiario என்ற கட்டத்தில் பெறுநர் பெயர் எழுத வேண்டும். அகராதி 'பயனாளி' என்று காட்டும், ஆனால் நமக்கு அது அரசுத் திட்டத்தில் பயன் பெறுபவர்.

கடைசிச் சொல்தான் நம்மவர்களைத் திடுக்கிட வைக்கும்: கொமிசியோன். தமிழில் கமிஷன் என்றால் தரகுதான், சில இடங்களில் கையூட்டும்கூட. வங்கி அலுவலர் சிரித்த முகத்தோடு கொமிசியோன் உண்டு என்றால் தப்பாகத்தான் படும். சொல்லின் வேர் லத்தீன் கொமித்தெரே, ஒப்படைத்தல். ஒருவரிடம் வேலையை ஒப்படைத்து அதற்குத் தரும் கூலி. நமக்கு அது 'கட்டணம்'.

இந்த வேர்ப்பொருள் அங்கே சட்டத்திலும் உயிரோடு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டதோ வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோ ஆன சேவைக்கு, அதுவும் உண்மையாகவே செய்து கொடுத்த சேவைக்கு மட்டுமே வங்கி கொமிசியோன் எடுக்கலாம். ஆனாலும் வாய்ப்பிருக்கும் இடத்தில் அது கடிக்கும். கணக்கைப் பராமரிக்க எடுப்பது comisión de mantenimiento. பல வங்கிகள் சம்பளம் அந்தக் கணக்கில் விழுந்தால் அதை விட்டுவிடும். மாணவருக்குச் சம்பளம் ஏது? இருப்பு பூஜ்யமாக இருக்கும்போது இந்தக் கட்டணம் எடுக்கப்பட்டால் கணக்கு தெஸ்குபியெர்த்தோவுக்குள் போகும். 'மூடப்படாதது' என்பது நேர்ப்பொருள். நாம் மேல்வரைப்பற்று என்கிறோம். அதைக் கட்டச் சொல்லி நினைவூட்டியதற்கென்று இன்னொரு கட்டணமும் தானாகவே விழும் வழக்கம் இருந்தது. அப்படித் தானாகப் போடும் கட்டணம் செல்லாது என்று 2019 அக்டோபரில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

அக்கா மகளுக்கு நான் சொன்னது, குவெந்தா தே பாகோ பாசிகா கேள் என்று. அடிப்படைக் கட்டணக் கணக்கு என்று தமிழாக்கினால் பொருள் மாறிவிடும். இங்கே பாகோ என்றால் பணம் செலுத்துதல். 'அடிப்படைச் செலுத்துகைக் கணக்கு' என்பது சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவரும் அதைக் கேட்கலாம். மாதம் 3 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. ஒன்றியத்துக்குள் யூரோவில் ஆண்டுக்கு 120 அனுப்பீடுகளும் நேரடிப் பற்றுகளும் அதற்குள்ளேயே அடங்கும். இம்முறை அவள் அந்த அம்மாவிடம் கடவுச்சீட்டை நீட்டி, பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டாள்.