காலராவுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று எப்படிச் சொன்னார்கள்?

செத்துக் கிடக்கும் மாட்டைக் காகம் கொத்துகிறது. அதற்காக மாட்டைக் காகம்தான் கொன்றது என்று யாரும் சொல்வதில்லை. நோயாளியின் குடலில் ஒரு பாக்டீரியாவைப் பார்க்கும்போதும் இதே சந்தேகம் எழ வேண்டும். இது நோயைக் கொண்டுவந்ததா, நோய் வந்த பிறகு குடியேறியதா?

1883 டிசம்பரில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது அவர் முன் நின்ற கேள்வி இதுதான். காலராவில் இறந்தவர்களின் குடலில் கால்புள்ளியைப் போல வளைந்த ஒரு கிருமியை அவர் எகிப்திலேயே பார்த்திருந்தார். அதைக் குற்றவாளி என்று நிறுவ மூன்று படிகள் தேவை. நோய் உள்ளவர்களிடம் எல்லாம் அது இருக்க வேண்டும், நோயில்லாதவர்களிடம் இருக்கக் கூடாது. அதை உடலிலிருந்து பிரித்து, வேறு கிருமி கலக்காமல் தனியாக வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்ததைச் செலுத்தினால் நலமாக இருந்த விலங்குக்கு அதே நோய் வர வேண்டும். இவற்றை 'கோக்கின் விதிகள்' என்கிறோம். ஆனால் இப்படி வரிசைப்படுத்தி எழுதியவர் அவருடைய உதவியாளர் லோஃப்லர்.

முதல் இரண்டு படிகளும் கல்கத்தாவில் கைகூடின. காலராவில் இறந்தவர்களின் குடலில் திரும்பத் திரும்ப அதே கிருமி. வேறு வயிற்றுப்போக்கில் இறந்தவர்களிடம் அது இல்லை. ஜெலட்டினில் அது தனியாகவும் வளர்ந்தது. காலரா பரவிய பகுதியில் இருந்த ஒரு குளத்து நீரிலும் அகப்பட்டது. மூன்றாம் படியில்தான் இடறியது. சுண்டெலி, குரங்கு, பூனை, நாய் எதற்கும் காலரா வரவில்லை. வங்காளத்தில் விலங்குகளுக்குக் காலரா வருவதே இல்லையே, பிறகு சோதனையில் மட்டும் எப்படி வரும் என்று கோக் வாதிட்டார். தன் பெயரில் வழங்கப்போகும் விதியையே அவர் மீறினார். மீறியது சரி என்பதே என் எண்ணம். விதிக்குள்ளேயே நின்றிருந்தால் கண்ணெதிரே இருந்த உண்மையைக் கைவிட்டிருப்பார்.

எதிர்ப்பாளர்கள் இந்த ஓட்டையை விடவில்லை. மண்ணும் பருவமும் சேராமல் கிருமி மட்டும் காலரா தராது என்று நம்பிய மியூனிக்கின் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர், 1892 அக்டோபர் 7 அன்று தன் 73ஆம் வயதில் அந்தக் கிருமி வளர்ந்த நீர்மத்தைக் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடாதபடி சோடா உப்பையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வந்தது லேசான பேதி மட்டுமே. கிருமி மலத்தில் ஏராளமாக இருந்தது. தான் வென்றதாக அவர் நினைத்தார். உண்மையில் உடைந்தது முதல் விதியின் பின்பாதி. கிருமி உள்ளே பெருகியும் ஒருவர் கடும் நோயின்றி நடமாட முடியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1892இல் பரவிய காலராவுக்குப் பிறகு, நலமாக இருப்பவர்களும் கிருமியைச் சுமக்கிறார்கள் என்பதைக் கோக்கும் ஒப்புக்கொண்டார்.

விலங்குச் சோதனை ஏன் தோற்றது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே கல்கத்தாவில்தான் தெளிந்தது. அங்கே மருத்துவராக இருந்த சம்புநாத் டே முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இருபுறமும் நூலால் இறுக்கிக் கட்டினார். அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமியை ஊசியால் செலுத்தித் தையல் போட்டார். மறுநாள் திறந்து பார்த்தால், கட்டிய துண்டு மட்டும் அரிசி களைந்த நீர் போன்ற நீரால் உப்பியிருந்தது. காலரா நோயாளிக்குப் போவதும் இதே நீர்தான். அதுவரை பலர் கிருமியை ரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினை நடப்பதோ குடலுக்குள். 1959இல் டே இன்னும் ஒரு படி போனார். கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரைச் செலுத்தினார். குடல் அப்போதும் உப்பியது. அப்படியானால் நோயைத் தருவது கிருமி சுரக்கும் நச்சு.

இதனால் கேள்வியே மாறியது. அந்த நச்சைச் சுரக்கும் மரபணு எது? 1988இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ கோக்கின் தர்க்கத்தை மரபணுவுக்குப் பொருத்தினார். நோய் தரும் வகைகளில் அந்த மரபணு இருக்க வேண்டும். அதை நீக்கினால் நோய் தரும் வீரியம் குறைய வேண்டும். திரும்ப வைத்தால் வீரியமும் திரும்ப வேண்டும்.

இந்த மாற்றம் தேவைதான் என்பதைச் சென்னை காட்டியது. காலராக் கிருமியில் மேலுறையை வைத்துப் பிரித்த வகைகள் 200க்கு மேல். அவற்றில் O1 மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும் என்று நம்பியிருந்தார்கள். 1992இல் சென்னையில் காலரா பரவியபோது, O1 வகையாக இருந்தால் கிருமிகளைத் திரளவைக்கும் சோதனை நீரில் அவை திரளவில்லை. பழைய அடையாளத்தின்படி இது கொள்ளைநோய்க் கிருமியே அல்ல. ஆனால் காலரா நச்சை அது சுரந்தது. பிறகு அதற்கு O139 என்று பெயரிட்டார்கள்.

1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வால்டரும் மெக்கலனோஸும் இன்னொன்றைக் கண்டார்கள். அந்த நச்சு மரபணுவே பாக்டீரியாவுக்குச் சொந்தமில்லை; பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்துவருகிறது. ஆற்றுமுகத்தில் தீங்கின்றி வாழும் கால்புள்ளிக் கிருமிக்குள் இந்த வைரஸ் நுழைந்து தங்கிவிட்டால், அதுவும் நச்சைச் சுரக்கத் தொடங்கலாம்.