'நன்கு காய்ந்த' என்றால் எவ்வளவு?

ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் கருவாடு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஓர் அக்கா, சப்ளையருக்குத் தானே எழுதிய ஒப்பந்தத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். 'நன்கு காய்ந்த, தரமான நெத்திலி 400 கிலோ, கிலோ 300 ரூபாய்.' சரக்கைப் பற்றி இவ்வளவுதான் அதில் இருந்தது. சரக்கைச் சப்ளையரின் களத்திலேயே எடை போட்டு ஏற்றினார்கள். வந்து சேர்ந்தபோது தொட்டால் பிசுபிசுத்தது. மறுபடி காயவைத்தபின் எடை 352 கிலோ. 48 கிலோ ஈரத்துக்கு 14,400 ரூபாய் கொடுத்திருந்தார்.

"காஞ்சதுன்னா காஞ்சதுதானே சார்?" என்றார். சப்ளையரும் அதையேதான் சொல்வார். இருவர் மனதிலும் இரண்டு அளவு. அன்றிலிருந்து, ஒப்பந்தம் அனுப்புபவர்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுக்கிறேன்.

தாளின் முதல் வேலை, பேனாவால் எல்லாப் பண்புச் சொற்களையும் வட்டமிடுவது. நல்ல, தரமான, உடனடியாக, வழக்கம்போல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், 'இதை எப்படிச் சோதிப்பேன்?' என்று எழுத வேண்டும். பதில் வராத சொல்லை அடித்துவிட்டு அளவு போட வேண்டும். அக்காவின் ஒப்பந்தத்தில் இப்படி மாற்றினோம்: 'ஒரு கிலோ மாதிரியை ஒரு நாள் முழு வெயிலில் காயவைத்தால் 30 கிராமுக்கு மேல் எடை குறையக் கூடாது.' ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சோதனை செல்லாது. அதனால் அந்த மாதங்களுக்கு ஈரப்பத மீட்டர் அளவைத் தனியாக எழுதினோம். கடற்கரை மணலில் காயும் சரக்கு என்பதால், மண் சலித்தபின்தான் எடை என்பதையும் சேர்த்தோம்.

அடுத்து, எடை எங்கே, சரக்கைத் திருப்ப எத்தனை நாள்? இதைப் பலரும் எழுதுவதே இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகிவிடும். நியாயமான காலம் எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும். ஆகவே, 'வாங்குபவர் கிடங்கில் எடை. டெம்போ வந்த 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் மறுக்கலாம். மறுத்ததை எடுத்துச் செல்லும் வண்டிக் கூலி சப்ளையருடையது' என்று போட்டோம்.

அப்புறம் பணம். 'விற்று முடிந்ததும்' என்று எழுதியிருந்தார். சப்ளையர், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, 30 நாள் என்று மாற்றினோம்.

அனுப்பியதும், 48 மணி அதிகம், 24 போதும் என்று சப்ளையர் பதில் போட்டார். வெயில் சோதனைக்கே ஒரு பகல் முழுக்க வேண்டுமே. 36-க்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அதைத் திருத்தி, அவர் எழுத்தில் 'சரி' என்ற பிறகுதான் அக்கா அட்வான்ஸ் அனுப்பினார்.