அண்ணாச்சியின் ரீச் எங்கே போனது?

விருதுநகர் பக்கம் இரும்புத் தோசைக்கல், பணியாரச்சட்டி விற்கும் ஒரு அண்ணாச்சியின் இன்ஸ்டாகிராம் கணக்கை இரண்டு வருடமாக நான்தான் கவனித்து வருகிறேன். வீடியோ எடுப்பது அவர் மகன். எண்களைப் படித்து என்ன நடக்கிறது என்று சொல்வது என் வேலை. ஒருநாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, நம்ம பக்கத்த முடக்கிட்டாங்க போல. நாலு லட்சம் பேர் பாத்த இடத்துல மூவாயிரத்தத் தாண்ட மாட்டேங்குது."

வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பதிவுகளை முடக்குவதைக் குறிக்கும் 'ஷேடோ பேன்' என்ற சொல்லையும் கூடவே கொண்டுவருவார்கள். முடக்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. செட்டிங்ஸில் Account Status என்று ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் பதிவுகளை உங்களைப் பின்தொடராதவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா கூடாதா என்பது அங்கே தெரியும். ஏதாவது பதிவில் சிக்கல் என்றால் அதையும் காட்டும். அண்ணாச்சியின் பக்கத்தில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஆக, முடக்கம் இல்லை.

அப்புறம் அந்த நாலு லட்சத்தைப் பிரித்துப் பார்த்தேன். அது 23 நொடி ரீல்ஸ். துருப்பிடித்த பழைய தோசைக்கல்லைத் தேய்த்து, எண்ணெய் பழக்கி, முதல் தோசையைக் கிழியாமல் எடுப்பது வரை. பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அவரைப் பின்தொடராதவர்கள். கணக்குக்கு அன்றைக்கு இருந்த ஃபாலோயர்கள் நாலாயிரத்துச் சொச்சம்தான்.

ரீல்ஸ் எப்படிப் பரவுகிறது என்பதை இன்ஸ்டாகிராமே 2024 ஏப்ரலில் விளக்கியிருக்கிறது. முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டுவார்கள். அவர்கள் உங்கள் ஃபாலோயர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. பிடிக்கும் என்று கணிக்கப்பட்டவர்கள். அந்தக் கூட்டத்தில் நன்றாக ஓடியவை இன்னும் கொஞ்சம் பெரிய கூட்டத்துக்குப் போகும். அதிலும் தேறியவை அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு. சல்லடையை அடுக்கி வைத்துச் சலிப்பது போலத்தான். துரு ரீல்ஸ் நான்கைந்து சல்லடை தாண்டிவிட்டது. அடுத்த ரீல்ஸ் மறுபடி முதல் சல்லடையிலிருந்து தொடங்க வேண்டும். போன வீடியோவின் நாலு லட்சம் பேரும் அதற்காக வாசலில் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நாலு லட்சத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது. எதிர்பாராத வெள்ளம் அது, வடிந்தே தீரும். நான் பார்ப்பது அந்தப் பெரிய ரீல்ஸுக்கு முந்தைய பத்து வீடியோக்களை. அவை எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேரிடம் போயிருந்தன. இப்போது மூவாயிரம். பேசியது கொஞ்சம் மிகைதான் என்றாலும், நிஜமாகவே ஒரு சரிவு இருக்கிறது என்பதில் அண்ணாச்சி சொன்னது சரி.

காரணம் அந்த வெற்றியிலேயே இருந்தது. வீடியோ ஓடிய சந்தோஷத்தில் 1,500 ரூபாய் கொடுத்து ஓர் 'இன்ட்ரோ' செய்து வாங்கியிருந்தார்கள். கடையின் லோகோ தங்க நிறத்தில் சுற்றிச் சுழன்று வந்து நிற்கும். நாலு நொடி. அதற்குப் பிறகு வந்த எல்லா வீடியோவும் அதில்தான் தொடங்கின.

பதிவின் புள்ளிவிவரங்களைக் காட்டும் இன்சைட்ஸில் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று ஒரு கோடு காட்டும். பழைய வீடியோவில் அந்தக் கோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கும் சாய்தளம் மாதிரி மெல்ல இறங்கியது. புதியதில் மாடியிலிருந்து நேராகக் குதித்திருந்தது. நூறு பேருக்குக் காட்டினால் மூன்றாவது நொடிக்குள் அறுபது பேருக்கு மேல் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். தோசைக்கல்லை அவர்கள் பார்க்கவே இல்லை. போதாததற்கு வீடியோவின் நீளமும் 58 நொடியாகியிருந்தது. சராசரியாகப் பார்த்த நேரம் 7 நொடி. பழையதில் 23க்கு 19. முதல் சல்லடையிலேயே நின்றதில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு சின்ன தவறும் நடந்திருந்தது. 'ஃபாலோ செய்தால் பரிசு' என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் பரிசுதான் வேண்டும், தோசைக்கல் இல்லை. இப்படிச் சேர்ந்த கூட்டம் அடுத்த வீடியோவைப் பார்த்தால் லைக் போடாமல் தள்ளிவிடும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று அளவுகளை முக்கியமானவையாகச் சொன்னார்: பார்க்கும் நேரம், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்பினார்கள். ஃபாலோயர்களிடம் போவதற்கு லைக் கூடுதலாக உதவும், புதியவர்களிடம் போவதற்கு அனுப்புவது கூடுதலாக உதவும் என்றும் சொன்னார்.

இதில் சேவ் எங்கே என்று உடனே கேட்பார்கள். அந்த மூன்றில் சேவ் இல்லை. ஆனால் எக்ஸ்ப்ளோர் பக்கத்துக்கு என்ன பார்க்கிறோம் என்று 2023-இல் விளக்கியபோது லைக், ஷேரோடு சேவ் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 'ஒரு சேவ் பத்து லைக்குக்குச் சமம்' என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விகிதத்தை இன்ஸ்டாகிராம் சொன்னதில்லை. அண்ணாச்சி பக்கத்தில் நான் கண்டது இது: எண்ணெய் பழக்கும் முறையைப் படிப்படியாகக் காட்டிய வீடியோவுக்கு சேவ் நிறைய, ஷேர் சொற்பம். சுமாராகத்தான் பரவியது. கல்லில் ஒட்டிக் கிழிந்த தோசையை மாமியாருக்குப் பரிமாறும் வீடியோவை அக்கா தங்கைக்கும் தங்கை அக்காவுக்கும் அனுப்பிக்கொண்டார்கள். அது இரண்டு மடங்கு தூரம் போனது. ஆனால் வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணெய் பழக்கும் வீடியோவைச் சேமித்து வைத்தவர்கள்தான். கடை நடத்துபவருக்கு இரண்டும் வேண்டும்.

திருத்தம் சுலபம். மகனிடம் ஒரே வீடியோவை இரண்டு தொடக்கத்தோடு வெட்டச் சொன்னேன். ஒன்றில் அண்ணாச்சி வணக்கம் சொல்வார். மற்றதில் முதல் நொடியிலேயே முட்டை கல்லில் ஒட்டிக்கொண்டு கரண்டியோடு மல்லுக்கட்டும். இரண்டையும் 'ட்ரையல் ரீல்ஸ்' ஆகப் போட்டோம். 2024 டிசம்பரில் வந்த வசதி அது. முதலில் ஃபாலோயர் அல்லாதவர்களுக்கு மட்டும் காட்டும். பரிசுக் கூட்டத்தின் தொல்லை இல்லாமல் வீடியோவை மட்டும் எடைபோடலாம். வணக்கம் வீடியோவை மூன்று நொடிக்குள் பாதிக்கு மேல் தள்ளிவிட்டார்கள். முட்டை வீடியோவைத் தள்ளியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரு எச்சரிக்கை: இதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸில் போட்டு அங்கே வியூஸ் அதிகம் என்று ஒப்பிடாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் அங்கே வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது அதில் சேராது. அங்கே பார்க்க வேண்டியது, பார்த்தவர் எத்தனை, தள்ளிவிட்டவர் எத்தனை என்ற விகிதத்தை.

இரண்டு மாதத்தில் வீடியோக்கள் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று வந்து நின்றன. அண்ணாச்சிக்கு அந்த 1,500 ரூபாய்தான் இன்னும் ஆறவில்லை. "முன்னாடி வேண்டாம்னா சரி, கடைசியிலயாவது அந்த லோகோவப் போடக் கூடாதா தம்பி?" என்றார். கடைசியில் போட்டால் வீடியோ முடிந்துவிட்டது என்று தெரிந்து தள்ளிவிடுவார்கள், திரும்ப ஒருமுறை ஓடுவதும் போய்விடும் என்றேன். இப்போது அது கடை டிவியில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.